பொருளாளர் மறைந்தால் மினிட் புத்தகத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் கைத்தறி நெசவாளர் நலச் சங்கத்தின் பொருளாளர் சென்ற வாரம் இறந்துவிட்டார். பிறந்தது 1947, வயது 78. 1979-இல் உறுப்பினரானார். 1983 முதல் பொருளாளர்; 1994 முதல் 1997 வரை மட்டும் வேறொருவர் இருந்தார். கணக்கைக் கடைசி வரை தம் கையாலேயே எழுதினார். 2021 வெள்ளத்தில் சங்கப் பதிவேடுகளைக் காப்பாற்றியதும் அவர்தான். வரும் ஞாயிறு செயற்குழு கூடுகிறது. துணைத்தலைவர் எழுதித் தந்த இரங்கல் தீர்மானம் “சங்கத்தின் ஆணிவேர் சாய்ந்தது” என்று தொடங்குகிறது. “42 ஆண்டுகள் தொடர்ந்து பொருளாளர்”, “1954 இடைத்தேர்தலில் காமராசருக்காக உழைத்தவர்”, “ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறோம்” என்றெல்லாம் இருக்கிறது. அவரோ கடைசி வரை சாமி கும்பிடாதவர். மினிட் புத்தகத்தில் காலத்துக்கும் நிற்கப்போகும் எழுத்து என்பதால் தயங்குகிறேன். எப்படி எழுதுவது? குடும்பத்துக்கு 10,000 ரூபாய் கொடுப்பதையும் இதிலேயே எழுதிவிடலாமா?

பதில்:

உங்கள் தயக்கம் சரியானது. துணைத்தலைவரின் வரைவில் அன்பு இருக்கிறது. அதை அவர் கூட்டத்தில் எழுந்து பேசட்டும்; இரங்கல் சுவரொட்டியிலும் போடலாம். குறிப்பேட்டில் ஏறுவது வேறு. அங்கே பேசுவது தனி மனிதர் அல்லர், செயற்குழு. செயற்குழு தனக்குத் தெரிந்ததை, தன் ஏடுகளைக் கொண்டு நிறுவக்கூடியதை மட்டுமே சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டும் ஒருவருக்கு இவர் யார், என்ன செய்தார் என்பது விளங்க வேண்டும். அது விளங்கினால் கண்ணியம் தானாக வந்துவிடும். உயர்ந்த சொற்களை அடுக்கிக் கொண்டுவர வேண்டியதில்லை. வேலூர்ப் பக்கத்துச் சங்கங்களின் கணக்கையும் குறிப்பேடுகளையும் தணிக்கைக்காக நெடுங்காலம் படித்தவன் நான். “ஈடு செய்ய இயலாத இழப்பு” என்று எழுதிய பக்கங்களில் பெரும்பாலானவற்றில் இழந்தது யாரை என்று தெரியாமலே போயிருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் எவருக்கும் பொருந்தும் தீர்மானம் அது.

எனவே எழுத உட்காரும் முன் ஏடுகளை எடுங்கள். உறுப்பினர் பதிவேட்டில் அவர் சேர்ந்த நாளைப் பாருங்கள். பழைய குறிப்பேடுகளில் பொதுக்குழுத் தேர்தல் நடந்த பக்கங்களைப் பார்த்து, எந்தெந்த ஆண்டில் எந்தப் பொறுப்புக்குத் தேர்வானார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிகிற வேலை. குடும்பத்தாரின் நினைவும் ஏடும் சில இடங்களில் ஒத்துப்போகாது. “அப்பா 1976-லேயே சங்கத்தில் இருந்தார்” என்று மகன் சொல்லக்கூடும். அது உண்மையாகவே இருக்கலாம். உறுப்பினர் ஆகும் முன்பே சங்கத்துக்கு வந்துபோய் வேலை செய்தவர்கள் உண்டு. ஆனாலும் தீர்மானத்தில் ஏறவேண்டியது பதிவேட்டின் ஆண்டுதான். ஒரே சங்கத்தின் இரண்டு ஏடுகள் இரண்டு ஆண்டுகளைச் சொன்னால் பிற்காலத்தில் இரண்டையுமே ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இந்தச் சோதனையில் உங்கள் வரைவின் முதல் பிழை அகப்படுகிறது. “42 ஆண்டுகள் தொடர்ந்து” என்பது சரியில்லை. 1983 முதல் 1994 வரை 11 ஆண்டுகள், 1997 முதல் இன்றுவரை 28 ஆண்டுகள், ஆக 39. இந்த இடைவெளியை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நடுவில் மூன்றாண்டு பொருளாளராக இருந்தவரையும், அவர் உயிரோடிருந்தால் அவர் மனத்தையும் எண்ணிப்பாருங்கள். அவர் இருந்ததே இல்லை என்று சங்கம் ஏட்டில் எழுதுவதாக ஆகிவிடும். “தொடர்ந்து” என்ற சொல்லை எடுத்துவிட்டு இரண்டு காலங்களையும் ஆண்டோடு எழுதினால் போதும். ஏன் இடைவெளி வந்தது என்ற காரணம் தேவையில்லை. அன்று தேர்தலில் தோற்றிருந்தாலும் உடல்நலமில்லாமல் விலகியிருந்தாலும் இரங்கல் தீர்மானம் அதைச் சொல்லும் இடமன்று.

அடுத்தது காமராசர் வரி. 1954-இல் முதலமைச்சரான காமராசர் சட்டமன்றத்துக்குள் நுழையக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார், வென்றார். அந்தப் பெருமை உங்கள் ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் இன்றும் இருக்கும். ஆனால் 1947-இல் பிறந்தவருக்கு அப்போது வயது ஏழு. கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் ஓடியிருக்கலாம். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் “காமராசருக்காக உழைத்தவர்” என்று ஆகியிருக்கலாம். பிள்ளைகள் அப்படி நம்புவதில் குற்றமில்லை. ஆனால் பிறந்த ஆண்டும் 1954-உம் ஒரே பக்கத்தில் இருந்தால் எவரும் கழித்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு வரி பொய்யாகிவிட்டால், வெள்ளத்தில் பதிவேடுகளைக் காத்தார் என்ற உண்மையான வரியையும் ஐயத்தோடுதான் படிப்பார்கள். சங்கத்துக்கு வெளியே அவர் செய்தவற்றை, சங்கம் நேரில் அறியாதவற்றை, விட்டுவிடுவதே நல்லது. வீட்டார் வருந்துவார்கள் என்று தோன்றினால், அந்த நினைவை அவர் மகனோ மகளோ கூட்டத்துக்கு வந்து பேச அழையுங்கள். குறிப்பேட்டில் “அன்னாரின் குடும்பத்தார் நினைவுகளைப் பகிர்ந்துகொண்டனர்” என்ற ஒரு வரி போதும்.

வெள்ளம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். 2021 நவம்பரில் கௌண்டன்ய மகாநதி பெருக்கெடுத்து ஊருக்குள் நீர் வந்ததை ஊரே அறியும். அன்று அவர் பதிவேடுகளை எடுத்துச் சென்றதைக் கண்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுள் இருவரிடமாவது கேட்டு, எதை எடுத்தார், எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருவேளை அவருடன் வேறொருவரும் சுமந்திருக்கலாம். அப்படியானால் “சக உறுப்பினர்களுடன் சேர்ந்து” என்று எழுதுங்கள். அவருடைய செயல் அதனால் குறைந்துவிடாது. கூடச் சுமந்தவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்.

மாவட்டத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும், மற்றது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றும் ஆயின. பின்னர் நம் பகுதி வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறி, 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. குடியாத்தம் இன்றும் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எனவே “1979-இல் வேலூர் மாவட்டக் குடியாத்தத்தில் சேர்ந்தார்” என்று எழுதினால் அது பிழை. “அப்போதைய வட ஆற்காடு மாவட்டம்” என்று எழுதுங்கள். சங்கத்தின் பதிவுச் சான்றிதழிலும் துணைவிதியிலும் பழைய மாவட்டப் பெயர் இருக்கக்கூடும். முறைப்படி திருத்தம் செய்யாதவரை தீர்மானத்தின் தலைப்பில் சங்கத்தின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும்.

இறப்பைக் குறிக்கும் சொல்லுக்கு வருகிறேன். நம் பகுதிச் சங்கங்களில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் ஒரே சங்கத்தின் ஒரே ஏட்டில் “சிவலோகப் பதவி அடைந்தார்”, “வஃபாத்தானார்”, “கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்” என்று மூன்று விதமாக எழுதப்பட்டதைக் கண்டிருக்கிறேன். அந்தந்தக் குடும்பத்தின் அறிவிப்பில் அவை பொருத்தமானவை. சங்கத்தின் ஏட்டில் எல்லாருக்கும் ஒரே சொல் இருப்பதுதான் நேர்மை. ஒருவருக்குச் சிவலோகமும் மற்றொருவருக்கு வெறும் மரணமும் என்று ஆகக்கூடாது. “காலமானார்” என்பது அதற்கு முழுவதும் பொருந்தும். “இயற்கை எய்தினார்” என்பதும் நல்ல சொல்தான். ஆனால் விபத்தில் இறந்தவருக்கு எழுதும்போது கை தயங்கும். ஆகவே ஒரே சொல்லாக வைத்துக்கொள்ள விரும்பும் சங்கத்துக்குக் “காலமானார்” என்பதையே சொல்வேன்.

உங்கள் பொருளாளரோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர். “ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறோம்” என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொல்ல மறுத்த ஒன்றை அவர் மறைந்த பிறகு அவர் பெயருக்குக் கீழே எழுதுவதாகும். துணைத்தலைவர் தம் வீட்டில் அவருக்காக வேண்டிக்கொள்ளட்டும். அது அவர் உரிமை, அதில் அன்புதான் இருக்கிறது. குறிப்பேட்டில் அந்த இடத்தில் நன்றியை எழுதுங்கள். மறைந்தவர் நம்பிக்கையுள்ளவராக இருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன். செயற்குழுவாக வேண்டுதல் செய்ய முடியாது. இரங்கலும் நன்றியும் தெரிவிக்க முடியும். “அமரர்”, “தெய்வத்திரு” ஆகிய அடைமொழிகளையும் இதே காரணத்தால் விட்டுவிடலாம். “திரு” என்று தொடங்கி “அவர்கள்” என்று முடித்தாலே முழு மரியாதை வந்துவிடுகிறது.

நடையில் இரண்டு இடங்கள் அடிக்கடி தவறுகின்றன. தீர்மானம் “இச்செயற்குழு” என்று தொடங்கி “தெரிவித்துக்கொள்கிறோம்” என்று முடியும். செயற்குழு தெரிவித்துக்கொள்கிறது என்றுதான் வர வேண்டும். ஒரே வாக்கியத்தில் பத்து வரி எழுதுவதால் வருகிற பிழை இது. எழுவாய் எதுவென்று முடிவதற்குள் மறந்துபோகும். பழைய ஏடுகளில் இரங்கல் தீர்மானம் முழுவதும் ஒரே வாக்கியமாக இருப்பதைப் பார்த்து அப்படித்தான் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டாயமில்லை. சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். தலைவர் வாசிக்கும்போது மூச்சும் திணறாது. இன்னொன்று வயது. 78 நிறைந்தவர் தம் 79-ஆம் வயதில் இருக்கிறார். “78-ஆம் வயதில்” என்றால் ஓராண்டு குறைகிறது. “78 வயதில்” என்று எழுதினால் குழப்பமில்லை. பிறந்த நாளையும் இறந்த நாளையும் வீட்டாரிடம் உள்ள சான்றைப் பார்த்தே எழுதுங்கள். நள்ளிரவை ஒட்டி உயிர் பிரிந்திருந்தால் சுவரொட்டியில் ஒரு நாளும் இறப்புச் சான்றிதழில் மறுநாளும் இருக்கும். சான்றிதழ் வரும்வரை பென்சிலால் குறித்துவைக்காதீர்கள். மருத்துவமனை தந்த தாளில் உள்ள நாளைப் பார்த்துவிட்டு மையால் எழுதுங்கள்.

குடும்பத்தாரை எப்படிக் குறிப்பிடுவது என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தொல்லை மிகுதியாக வருவது அங்கேதான். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று எல்லாப் பெயரையும் தீர்மானத்தில் எழுதும் வழக்கம் சில சங்கங்களில் இருக்கிறது. பரிவோடு செய்வதுதான். ஆனால் தீர்மானத்தின் நகல் சங்க முத்திரையோடு வெளியே போகிறது. அதில் ஒரு மகளின் பெயர் விடுபட்டிருந்தாலோ, முன்பு மணமுடித்த ஒருவரின் பிள்ளைகள் இருந்தாலோ, சொத்துத் தகராறில் அந்த நகலை யாராவது கொண்டுபோய் நீட்டுவார்கள். வாரிசு யார் என்று சொல்லும் சான்றைத் தருபவர் வட்டாட்சியர். சங்கத்துக்கு அந்த வேலை வேண்டாம். “துணைவியாருக்கும் குடும்பத்தாருக்கும்” என்று எழுதினால் எவரும் விடுபடுவதில்லை. துணைவியார் முன்பே காலமாகியிருந்தால் “குடும்பத்தாருக்கு” என்று மட்டும் போதும். “வாரிசுகள்” என்ற சொல் இரங்கல் தீர்மானத்தில் வரவே கூடாது.

இனி ஞாயிற்றுக்கிழமை நடைமுறை. வருகைப் பதிவில் கையொப்பம் வாங்கி, குறைந்தபட்ச வருகை இருக்கிறது என்று உறுதியானதும் முதல் பொருளாக இரங்கலை எடுங்கள். சென்ற கூட்டக் குறிப்பை வாசிப்பதுகூட அதற்குப் பிறகுதான். தீர்மானத்தைத் தலைவரே முன்வைப்பது வழக்கம். “முன்மொழிந்தவர்”, “வழிமொழிந்தவர்” என்று பெயர் போட வேண்டியதில்லை. போட்டால், ஏன் என் பெயர் இல்லை என்று நெருங்கிய நண்பர் ஒருவர் மனம் வருந்துவார். உங்கள் ஏட்டில் அந்த இரண்டு கட்டங்களும் அச்சிட்டே இருந்தால் முதலாவதில் “தலைவர்” என்றும் இரண்டாவதில் “அனைவரும்” என்றும் எழுதுங்கள். விவாதமோ கை தூக்கும் வாக்கெடுப்போ கிடையாது. தலைவர் நின்றபடி வாசிக்கிறார், அனைவரும் எழுந்து மௌனம் காக்கிறார்கள், அதுவே ஒப்புதல். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ உங்கள் சங்கத்தில் முன்பு எப்படிச் செய்தீர்களோ அப்படியே செய்யுங்கள். முந்தைய தலைவர் ஒருவருக்கு ஒரு நிமிடம், இவருக்கு இரண்டு என்று ஆகிவிடாமல் பழைய பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் பேச விரும்பினால் தீர்மானத்துக்கு முன்பே பேசி முடிக்கட்டும். மௌனத்துக்குப் பிறகு பேச்சு வந்தால் மீண்டும் எழுவதா, உட்காருவதா என்று கூட்டம் தடுமாறும்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் இரங்கல் குறிப்பு, இரங்கல் தீர்மானம் என்று இரண்டு உண்டு. முன்னாள் உறுப்பினர்கள் மறைவுக்குப் பேரவைத் தலைவர் குறிப்பை வாசிப்பார். பெருந்தலைவர்கள் போன்றோர் மறைவுக்குத் தீர்மானம் வரும். உங்கள் சங்கத்துக்கும் இந்த வேறுபாடு பயன்படும். சாதாரண உறுப்பினர் ஒருவர் மறையும்போது நான்கு வரிக் குறிப்பாகவும், பொறுப்பில் இருந்து உழைத்தவர் மறையும்போது தீர்மானமாகவும் எழுதலாம். எதுவானாலும் எண் கொடுங்கள். எண் இல்லாத பத்தியைப் பின்னாளில் தேடி எடுப்பது கடினம். குடும்பத்தாருக்கு நகல் தரும்போதும் எண் வேண்டியிருக்கும்.

உங்கள் தகவல்களை வைத்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன். பெயரையும் நாளையும் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பொருள் 1: இரங்கல்

தீர்மானம் எண் 1

இச்சங்கத்தின் பொருளாளர் திரு. (பெயர்) அவர்கள் (நாள்) அன்று குடியாத்தத்தில் தமது 78 வயதில் காலமானார் என்ற செய்தியை இச்செயற்குழு ஆழ்ந்த துயரத்துடன் பதிவு செய்கிறது.

அன்னார் 1979-ஆம் ஆண்டு, அப்போதைய வட ஆற்காடு மாவட்டம் குடியாத்தத்தில், இச்சங்கத்தின் உறுப்பினராகச் சேர்ந்தார். 1983 முதல் 1994 வரையும், 1997 முதல் தம் இறுதி நாள் வரையும், மொத்தம் 39 ஆண்டுகள் பொருளாளராகப் பணியாற்றினார். இக்காலம் முழுவதும் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைத் தம் கையாலேயே எழுதி, பொதுக்குழுவில் உறுப்பினர்கள் முன் வைத்தார். 2021 நவம்பரில் கௌண்டன்ய மகாநதியில் வெள்ளம் பெருகியபோது உறுப்பினர் பதிவேட்டையும் கணக்குப் புத்தகங்களையும் பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துச் சென்று காத்தார். அப்பதிவேடுகள் இன்று சங்கத்திடம் இருப்பது அவர் செய்த செயலால்.

அன்னாரின் நீண்ட, நேர்மையான பணிக்கு இச்செயற்குழு தன் நன்றியைப் பதிவு செய்கிறது. அவர்தம் துணைவியாருக்கும் குடும்பத்தாருக்கும் தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. இத்தீர்மானத்தின் நகலைக் குடும்பத்தாரிடம் நேரில் அளிக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறது.

தலைவர் முன்வைத்த இத்தீர்மானத்தை உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நின்று, இரண்டு நிமிடம் மௌனம் காத்து, ஒருமனதாக ஏற்றனர்.

இதில் ஒரு பாராட்டுச் சொல்தான் இருக்கிறது, “நேர்மையான” என்பது. 39 ஆண்டுகள் பொருளாளராக இருந்தவருக்கு அதைவிடப் பெரிய சொல் தேவையில்லை. ஆண்டு தோறும் கணக்கு தணிக்கையாகி ஏற்கப்பட்டிருப்பதால் செயற்குழு அதை உறுதியாகச் சொல்லவும் முடிகிறது. “ஆணிவேர் சாய்ந்தது” என்று எழுதினால், வேர் போனபின் சங்கம் நிற்கிறதா என்ற கேள்வி வரும். அடுத்து வரும் பொருளாளர் படிக்கப்போகும் ஏடு அது.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இரங்கல் தீர்மானத்தில் பணம் வேண்டாம். “இரங்கலையும் ரூபாய் 10,000-ஐயும்” என்று ஒரே மூச்சில் எழுதினால் அந்த நகலை வீட்டார் சட்டம் போட்டு மாட்டிவைக்க முடியாது. அதுமட்டுமில்லாமல், உதவித் தொகை விவாதத்துக்கு உரியது. தொகை போதுமா, துணைவிதி அனுமதிக்கிறதா, எந்த நிதியிலிருந்து எடுப்பது என்று உறுப்பினர்கள் கேட்க உரிமை உண்டு. விவாதமில்லாமல் எழுந்து நின்று ஏற்கும் தீர்மானத்துக்குள் அதை வைத்தால் அந்த உரிமை போய்விடும். தணிக்கையிலும் செலவுக்குத் தனித் தீர்மான எண் கேட்பார்கள்.

இங்கே வரிசை முக்கியம். மறைந்தவர் பொருளாளர், சங்கத்தின் வங்கிக் கணக்கில் காசோலைக்கு அவருடைய கையொப்பமும் தேவைப்பட்டிருக்கும். அப்படியானால் கையொப்பதாரரை மாற்றாமல் அவர் குடும்பத்துக்கே காசோலை எழுத முடியாது. ஆகவே இரங்கலுக்குப் பின் சென்ற கூட்டக் குறிப்பை உறுதி செய்துவிட்டு, பொருளாளர் பொறுப்பை அடுத்த பொதுக்குழு வரை யார் பார்ப்பது என்று துணைவிதியின்படி முடிவு செய்யுங்கள். அடுத்து வங்கிக் கையொப்ப மாற்றத்துக்கு ஒரு தீர்மானம். அதன் பின் உதவித் தொகை. மூன்றும் தனித்தனி எண்ணோடு இருக்கட்டும். கூட்ட அழைப்பிலேயே இவற்றைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். இரங்கலை முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்தால் எவரும் குறை சொல்வதில்லை. பொருளாளர் நியமனத்தை அப்படி எடுக்க முடியாது. தொகையை யாரிடம் கொடுப்பது என்பதற்கு அவருடைய உறுப்பினர் விண்ணப்பத்தில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது என்றால், செயற்குழுவில் ஏற்பட்ட மாற்றத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஏழாம் எண் படிவத்தில் தெரிவிக்கவும் வேண்டும்.

அவர் வீட்டில் சங்கத்தின் கணக்குப் புத்தகமோ இரசீதுக் கட்டோ காசோலைப் புத்தகமோ இருக்கும். அவற்றைத் திரும்பப் பெறுவதையும் சிலர் இரங்கல் தீர்மானத்தின் கடைசி வரியில் எழுதிவிடுகிறார்கள். இது வேண்டவே வேண்டாம். மாற்று ஏற்பாட்டுத் தீர்மானத்தில் “சங்க ஆவணங்களைக் குடும்பத்தாரிடமிருந்து பட்டியலிட்டுப் பெற்று ஒப்புகை அளிக்க” என்று எழுதுங்கள். கருமாதி முடியும்வரை பொறுத்து, இருவராகப் போய், ஒவ்வொன்றாகக் குறித்து வாங்கி, வாங்கியதற்குக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். 39 ஆண்டுகள் கணக்கு காத்தவரின் வீட்டார், ஒரு புத்தகம் குறைகிறது என்று பின்னால் யாரும் சொல்லிக் கேட்கக் கூடாது.

கூட்டம் முழுவதையும் ஒத்திவைத்துவிடலாமே என்று ஒரு சிலர் சொல்வார்கள். வேறு அவசர வேலை இல்லையென்றால் அது நல்ல மரபு. உங்களுக்குக் கையொப்ப மாற்றம் காத்திருக்கிறது. ஒத்திவைத்தால் நெசவாளர்களுக்குப் போக வேண்டிய மற்ற பணமும் நிற்கும். கால் மணி நேரம் இடைவெளி விட்டு, அதையும் நேரத்தோடு குறிப்பில் எழுதி, தொடருங்கள்.

எழுதும்போது நீலமோ கருப்போ நிலையான மையால் எழுதுங்கள். சில சங்கங்களில் தீர்மானத்தைக் கணினியில் அழகாக அச்சிட்டு, கருப்புக் கட்டம் போட்டு, படத்தோடு ஏட்டில் ஒட்டுகிறார்கள். பசை சில ஆண்டுகளில் விட்டுவிடும்; தாள் போனால் தீர்மானமும் போயிற்று. ஒட்டியே ஆக வேண்டும் என்றால் தாளின் விளிம்பிலிருந்து ஏட்டின் பக்கத்துக்குக் குறுக்காகத் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட வேண்டும். நான் கையால் எழுதவே சொல்வேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க முதலில் வெள்ளைத் தாளில் எழுதி, துணைத்தலைவரிடமும் ஒரு முறை காட்டி, பிறகு ஏட்டில் ஏற்றுங்கள். அவருடைய வரைவை ஒதுக்கிவிட்டதாக அவர் எண்ணக்கூடாது. அவர் வரைவு கூட்டத்தில் முதலில் வாசிக்கப்படும் நினைவுரையாக இருக்கட்டும். “துணைத்தலைவர் நினைவுரை ஆற்றினார்” என்று அவர் பெயரும் குறிப்பில் வரும்.

நகல் எடுக்கும்போது சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளில் தீர்மானத்தை மட்டும் எழுதி, கூட்ட நாளையும் தீர்மான எண்ணையும் குறித்து, “உண்மை நகல்” என்று செயலாளர் கையொப்பமிட்டு முத்திரை வையுங்கள். அதே கூட்டத்தின் மற்றத் தீர்மானங்கள் அந்தத் தாளில் வரக்கூடாது. வங்கிக்குப் போகும் நகல் வேறு தாள். துணைவியாருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் கொடுக்கும்போது வாசித்துக் காட்டுங்கள்.

உறுப்பினர் பதிவேட்டில் அவர் பெயரின் மேல் கோடு இழுக்காதீர்கள். குறிப்புப் பத்தியில் “(நாள்) அன்று காலமானார், செயற்குழுத் தீர்மானம் எண் 1, (கூட்ட நாள்)” என்று எழுதினால் போதும். அவர் 2021-இல் வெள்ளத்திலிருந்து எடுத்து வந்த பதிவேடு இதுதான் என்றால், புதிய பதிவேட்டுக்கு மாறும்போதும் அதைப் பழைய தாளோடு சேர்த்துக் கட்டிவிடாமல் சங்கத்தின் அலமாரியிலேயே வைத்திருங்கள். தீர்மானம் அதைக் குறிப்பிடுகிறது, கேட்பவருக்குக் காட்ட வேண்டியிருக்கும்.